புள்ளி இல்லை, அச்சில்

சென்ற ஆண்டு ஒரு சிறிய இலக்கியக் கூட்டத்தில், சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். கையில் பதினெட்டு ஸ்லைடுகள் கொண்ட ஒரு பவர்பாயிண்ட் கோப்பு இருந்தது. பேச்சு முடிந்த பிறகு, வர இயலாத சில நண்பர்களுக்கு அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். பிரெய்லில் படித்து வளர்ந்தவர். இப்போது கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் துணையோடு படிக்கிறார். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் மென்பொருள் அது. 2006இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்ற ஒருவரே எழுதத் தொடங்கியது. விலையில்லாமல் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. "ஆறாவது ஸ்லைடுல, அச்சில புள்ளி இல்லை, ஓலையில உண்டுன்னு எழுதியிருக்கீங்களே, தலைகீழா இருக்கே? இல்ல, புதுசா ஏதாவது ஆதாரம் கிடைச்சிருக்கா?" என்று கேட்டார். கேலி எதுவும் அந்தக் குரலில் இல்லை. உண்மையாகவே புதிய ஆதாரம் ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்டார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். ஸ்லைடு சரியாகத்தான் இருந்தது. இடப்பக்கம் "ஓலையில்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே "மெய்க்குப் புள்ளி இல்லை". வலப்பக்கம் "அச்சில்", அதன் கீழே "மெய்க்குப் புள்ளி உண்டு". இதில் பிழை எங்கே என்று விளங்காமல் அவரையே மறுபடி அழைத்து, கணினி என்ன படிக்கிறது என்பதை எனக்குக் கேட்கும்படி வைக்கச் சொன்னேன். அந்த இயந்திரக் குரல் சொன்னது இதுதான்: "ஓலையும் அச்சும். மெய்க்குப் புள்ளி இல்லை. அச்சில். மெய்க்குப் புள்ளி உண்டு. ஓலையில்."

தமிழின் வாக்கிய அமைப்பு நெகிழ்ச்சியானது. பயனிலை முன்னால் வந்து இடம் பின்னால் வந்தாலும் நாம் பொருள் கொண்டுவிடுவோம். "புள்ளி இல்லை, அச்சில். புள்ளி உண்டு, ஓலையில்." நான் எழுதியதற்கு நேர் எதிரான கருத்து, இலக்கணப் பிழை சிறிதும் இல்லாமல், என் பெயரிலேயே அவரைச் சென்று சேர்ந்திருந்தது. குழப்பமாக ஏதாவது கேட்டிருந்தால், கோப்பில் கோளாறு என்று அவர் ஒதுக்கியிருப்பார். தெளிவாகக் கேட்டதால்தான் நம்பினார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தெளிவுதான்.

எப்படி நேர்ந்தது என்பதை விளக்குகிறேன். ஒரு ஸ்லைடில் உள்ள பெட்டிகள், படங்கள், அம்புக்குறிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தாள்களைப் போன்றவை. முதலில் வைத்தது அடியில் கிடக்கும், கடைசியில் வைத்தது மேலே இருக்கும். அவை ஒன்றையொன்று மறைக்காதவரை பார்ப்பவருக்கு இந்த அடுக்கு கண்ணில் படுவதில்லை. திரைவாசிப்பான் இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ படிப்பதில்லை. அடியிலுள்ள தாளிலிருந்து மேல்தாள் வரை, அடுக்கின் வரிசையில் படிக்கிறது. அதாவது, பெரும்பாலும் நாம் எந்த வரிசையில் செய்தோமோ அந்த வரிசையில்.

நான் முதலில் "ஓலையில்" என்ற தலைப்பையும் அதன் உள்ளடக்கத்தையும் செய்தேன். பிறகு "அச்சில்" என்ற தலைப்பும் அதன் உள்ளடக்கமும். அதுவரை வரிசை சரியாகவே இருந்தது. கூட்டத்துக்கு முந்தைய இரவில், "ஓலையில்" என்ற தலைப்பின் நிறம் பிடிக்காமல் அந்தப் பெட்டியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை அதே இடத்தில் வைத்தேன். கண்ணுக்கு அது பழைய இடத்திலேயே இருந்தது. அடுக்கிலோ அது எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. தலைகீழாவதற்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

இதைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. `Home` பட்டியில் `Arrange` என்பதன் கீழ் `Selection Pane` என்று ஒன்று உண்டு. `Alt+F10` அழுத்தினாலும் அது திறக்கும். ஸ்லைடில் உள்ள எல்லாப் பொருள்களின் பெயரும் அங்கே பட்டியலாக வரும். இதில் ஒரு விஷயத்தை நினைவில் வைக்கவேண்டும். அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். அடியில் இருப்பதுதான் முதலில் ஒலிக்கும். என் ஸ்லைடில் புதிய தலைப்பு பட்டியலின் உச்சியில் இருந்தது. அதை இழுத்து, ஸ்லைடின் பொதுத் தலைப்புக்கு அடுத்த மேல்வரியில் விட்டேன். முடிந்தது. புதிய பதிப்புகளில் `Review` பட்டியின் `Check Accessibility` வழியாக `Reading Order` என்ற வேறொரு பட்டியலும் கிடைக்கிறது. அதில் மேலே இருப்பதுதான் முதலில் ஒலிக்கும். இரண்டும் எதிரெதிர் திசை என்பதை அறியாமல், ஒன்றில் கற்றதை மற்றொன்றில் செய்து, சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை செய்தேன்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. படிக்கும் வரிசையும் அடுக்கின் வரிசையும் ஒன்றே என்பதால், வரிசையை மாற்றினால் தோற்றமும் மாறக்கூடும். ஒரு பெரிய படத்தின்மேல் எழுத்தை வைத்திருந்தால், எழுத்து முதலில் ஒலிக்கட்டும் என்று அதை அடியில் தள்ளியவுடன் படம் அதை மூடிவிடும். அப்படிப்பட்ட ஸ்லைடுகளில் எழுத்தைப் படத்துக்கு வெளியே நகர்த்துவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. அதனால் ஸ்லைடு கெட்டுவிடுவதுமில்லை. படத்தின்மேல் எழுதிய எழுத்து, மங்கிய பார்வை உள்ளவர்களுக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கும் எப்போதுமே சிரமம்தான்.

இதைவிட நல்லது, பிழை நேர வழியே இல்லாமல் தொடங்குவது. இரண்டு பக்கங்களை ஒப்பிடுவதற்கென்றே `Comparison` என்ற தயார்நிலை அமைப்பு பவர்பாயிண்டில் உள்ளது. தலைப்பு, இடத்தலைப்பு, இட உள்ளடக்கம், வலத்தலைப்பு, வல உள்ளடக்கம் என்ற வரிசை அதிலேயே இருக்கிறது. வெற்று ஸ்லைடை எடுத்துப் பெட்டிகளை நாமே வரைந்துகொள்ளும் பழக்கம்தான் பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம். அப்படி வரைந்த பெட்டியில் எவ்வளவு பெரிய எழுத்தில் தலைப்பை எழுதினாலும், மென்பொருளின் கணக்கில் அது தலைப்பு அன்று. `View` பட்டியில் `Outline View` என்பதைத் திறந்து பாருங்கள். தயார்நிலை இடங்களில் எழுதியவை மட்டுமே அங்கே தெரியும். நான் திறந்தபோது, பதினெட்டு ஸ்லைடுகளில் பதினொன்று வெறும் எண்ணாக மட்டும் நின்றன. என் நண்பருக்கு என் உரை, பதினோரு அத்தியாயங்களுக்குப் பெயரில்லாத ஒரு புத்தகமாகக் கிடைத்திருக்கிறது.

இனிப் படங்களுக்கு வருகிறேன். வரிசையைத் திருத்துவது இயந்திர வேலை. படத்துக்கு மாற்று உரை எழுதுவது அப்படிப்பட்டதல்ல. படத்தின்மேல் வலச்சொடுக்கி `View Alt Text` என்பதைத் தேர்ந்தால் ஒரு பெட்டி திறக்கும். பழைய பதிப்புகளில் `Edit Alt Text` என்றிருக்கும். அங்கே எழுதுவது திரையில் தெரியாது, திரைவாசிப்பானுக்கு மட்டும் கிடைக்கும். எதுவும் எழுதாவிட்டால், மென்பொருள் தானாக இட்ட `Picture 4` என்பது போன்ற பெயரோ, படம் என்ற ஒற்றைச் சொல்லோதான் அவர்களுக்குக் கேட்கும். பழைய கோப்புகள் சிலவற்றில் `IMG_2034.jpg` போன்ற கோப்புப் பெயரே அந்த இடத்தில் பதிந்து கிடக்கும். அது இல்லாமையைவிட மோசம். ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாக ஒலித்து முடிக்கும்வரை கேட்பவர் காத்திருக்கவேண்டும்.

என்னுடைய ஐந்தாவது ஸ்லைடில் ஓர் ஓலைச்சுவடி ஏட்டின் ஒளிப்படம் இருந்தது. முதல் முயற்சியில் "ஓலைச்சுவடி" என்று எழுதினேன். நண்பரிடம் படித்துக் காட்டினேன். "அது ஓலைச்சுவடின்னு தலைப்பே சொல்லுதே, படம் எதுக்கு வெச்சீங்க?" என்றார். இரண்டாம் முயற்சியில் உற்சாகமாக எழுதினேன்: பழுப்பு நிறம், ஓரங்கள் சிதைந்தவை, இரண்டு துளைகள், பின்னணியில் கறுப்புத் துணி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். படம் எதுக்கு?

நியாயமான கேள்வி. நான் அந்தப் படத்தை வைத்தது அதன் அழகுக்காக அல்ல. மெய்யெழுத்துக்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வரும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை இடவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்ற அச்சம் அதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அதனால் ஒரே வடிவத்தைப் பலவிதமாகப் படிக்க நேர்கிறது. "தென" என்று ஏட்டில் இருப்பது தென் என்ற திசையாகவும் இருக்கலாம், தேன் ஆகவும் இருக்கலாம். எது என்பதைப் பதிப்பாசிரியர் இடம் நோக்கி முடிவுசெய்யவேண்டும். சுவடிப் பதிப்பின் இடர்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. இதைக் காட்டத்தான் அந்தப் படம்.

ஆகவே மூன்றாம் முயற்சி இப்படி அமைந்தது: "சுவடி ஏடு ஒன்று. ஐந்து வரிகள். எந்த மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லை. மூன்றாம் வரியில் உள்ள 'தென' என்ற வடிவத்தைத் தென் என்றும் தேன் என்றும் படிக்கலாம்." இதில் "படம்" என்ற சொல் இல்லை, ஏனென்றால் படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். நிறமும் துணியும் இல்லை, ஏனென்றால் என் வாதத்துக்கு அவை வேண்டியதில்லை. அதே ஏட்டை, சுவடிகளைப் பாதுகாப்பது பற்றிய வேறொரு உரையில் காட்டினால், சிதைந்த ஓரங்களும் பூச்சி அரித்த துளைகளும்தான் விளக்கத்தில் வரவேண்டும். அப்போது "தென" தேவையில்லை. ஒரு படத்துக்கு நிரந்தரமான ஒரு விளக்கம் கிடையாது. எந்த வாதத்துக்கு நடுவில் அது நிற்கிறதோ அந்த வாதம்தான் விளக்கத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்றாவது விளக்கத்தைக் கேட்ட நண்பர் சற்று யோசித்துவிட்டு, "தென், தேன் ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்? வேற வேற எழுத்தாச்சே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரெய்லில் தெகரமும் தேகாரமும் ஒருபோதும் ஒன்றாகத் தோன்றமுடியாது. அங்கே முதலில் மெய்க்கான புள்ளிக்கூட்டம், அதன்பின் உயிருக்கான புள்ளிக்கூட்டம். எகரத்துக்கு ஒன்று, ஏகாரத்துக்கு முற்றிலும் வேறொன்று. எழுத்துக்கு இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும் கொம்பு என்ற ஒன்றே அங்கே இல்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற சொற்களை அவர் வகுப்பில் கேட்டிருக்கிறார். இரட்டைக்கொம்பு எனப்படுவது மேலே சுழித்த கொம்பு என்பதை அவருக்கு யாரும் சொல்லியதில்லை. நாங்கள் அரைமணி நேரம் பேசினோம். பழைய எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான், குறிலின்மேல் புள்ளி வைப்பதுதான் வேறுபாடு, அந்தப் புள்ளி விடுபட்டால் இரண்டும் ஒன்றே, நெடிலுக்குச் சுழித்த கொம்பு வந்த மாற்றத்தை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம் என்றெல்லாம் விளக்கினேன். "இதை முப்பது வருஷமா பாடம் நடத்தியிருக்கேன், இன்னைக்குத்தான் ஏன்னு புரியுது" என்றார்.

இவ்வளவையும் மாற்று உரைப் பெட்டியில் திணிக்கக்கூடாது. அங்கே ஓரிரு வாக்கியங்களே பொருத்தம், ஏனென்றால் அதை நடுவில் நிறுத்திப் பின்னால் சென்று வரிவரியாகக் கேட்பது எளிதல்ல. நீண்ட விளக்கத்துக்கு ஸ்லைடின் கீழே உள்ள `Notes` பகுதி இருக்கிறது. கோப்பு ஸ்லைடு ஷோவாக ஓடும்போது என்விடிஏவில் `Ctrl+Shift+S` அழுத்தினால் அந்தக் குறிப்பு ஒலிக்கும். கொம்பின் கதையை அங்கே எழுதினேன். எழுதியபிறகு, பார்வை உள்ளவர்களிலும் பலருக்கு அது தெரியாது என்று தோன்றி, இரண்டு வரிகளை ஸ்லைடிலேயே சேர்த்தேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். படத்தின் கீழே எல்லோரும் படிக்க எழுதுவது படக்குறிப்பு. மாற்று உரை அதன் நகல் அன்று. "சுவடி ஏடு, தனியார் சேகரிப்பு" என்பது படக்குறிப்பு. அது எல்லோருக்கும் உரியது, திரைவாசிப்பானும் அதைப் படிக்கும். மாற்று உரை, கண்ணால் பார்ப்பவருக்கு அந்தப் படம் எதைத் தந்ததோ அதைத் தருவது. இரண்டிலும் ஒன்றையே எழுதினால் நண்பர் ஒரே வாக்கியத்தை இருமுறை கேட்பார், படத்தில் இருப்பது மட்டும் அவருக்கு வந்துசேராது. எதையும் தராத படங்களும் உண்டு. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் நான் ஒரு கோலக்கோடு போட்டிருந்தேன். அவற்றுக்கு மாற்று உரைப் பெட்டியிலேயே `Mark as decorative` என்ற கட்டம் இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப்போகும். பதினெட்டு முறை "கோலம்" என்று கேட்பதிலிருந்து அவரைக் காப்பாற்ற அது போதும்.

மூன்றாவது, காணொளி. நாற்பது விநாடி ஓடும் ஒரு துண்டு. ஒருவர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணியால் எழுதுகிறார். முதல் இருபது விநாடி கீறும் ஓசை மட்டும். கீறியபின் ஓலையில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பிறகு கரியைப் பூசித் துணியால் துடைக்கிறார், எழுத்துகள் கறுத்து எழுந்து வருகின்றன. கடைசியில் அவர் இரண்டு வாக்கியம் பேசுகிறார். இதற்கு எழுத்துரை சேர்த்தால் கடமை முடிந்தது என்று நினைத்தேன். பவர்பாயிண்டில் காணொளியைத் தேர்ந்து `Playback` பட்டியில் `Insert Captions` வழியாக ஒரு கோப்பைச் சேர்க்கலாம். அந்தக் கோப்பை நோட்பேடிலேயே எழுதலாம். யூனிக்கோடில், அதாவது `UTF-8` ஆகச் சேமிக்கவேண்டும், பெயர் `olai.ta.vtt` என்பது போல் முடியவேண்டும். உள்ளே இப்படி இருக்கும்:

```
WEBVTT

00:00:01.000 --> 00:00:20.000
[எழுத்தாணி கீறும் ஓசை]

00:00:32.000 --> 00:00:36.500
மை பூசினால்தான் எழுத்து தெரியும்.
```

இது காது கேளாதவருக்குத் தேவையானது, அவசியம் செய்யவேண்டியது. ஆனால் என் நண்பருக்கு இதனால் பயனில்லை. காணொளி ஓடும்போது திரைவாசிப்பான் இந்த எழுத்துரையைப் பொதுவாகப் படிப்பதில்லை, படித்தாலும் பேசுபவரின் குரலும் இயந்திரத்தின் குரலும் ஒன்றோடொன்று மோதும். அவருக்குக் கேட்கிற பேச்சைத்தான் எழுத்துரை மறுபடி சொல்கிறது. அவருக்குக் கிடைக்காதது காட்சி. முதலில் ஒன்றும் தெரியாதிருந்த ஓலையில் கரி பூசியதும் எழுத்து எழுவதை எந்த ஓசையும் சொல்வதில்லை. எழுத்துரையைப் போட்டுவிட்டுப் பார்வையற்றோருக்கும் வசதி செய்துவிட்டதாக நம்புவது நம்மிடையே பரவலாக உள்ள பிழை. இரண்டு குறைபாடுகளுக்கு ஒரே மருந்து என்று எண்ணிக்கொள்கிறோம்.

காட்சியைச் சொல்லும் குரலைக் காணொளியிலேயே சேர்ப்பது நிறைவான வழி. என் காணொளியில் முதல் இருபது விநாடி பேச்சே இல்லாததால் அது எளிதாக இருந்தது. கைபேசியில் என் குரலைப் பதிந்து சேர்த்தேன்: "இடக்கையில் ஓலை. வலக்கை எழுத்தாணி நகர்கிறது. கீறிய இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை." இடைவெளியில்லாமல் பேச்சு ஓடும் காணொளியில் இது இயலாது. அப்போது காணொளிக்கு முன்னால் ஒரு பத்தியில் காட்சியைச் சொல்லிவிடலாம், பேச்சும் காட்சியும் சேர்ந்த முழு எழுத்துப்படியைக் குறிப்புப் பகுதியில் வைக்கலாம். பார்வையும் செவியும் இரண்டும் இல்லாமல், பிரெய்ல் பலகையில் விரலால் படிப்பவர்களுக்கு அந்த எழுத்துப்படி ஒன்றுதான் வழி.

இவ்வளவும் செய்தபிறகு நண்பருக்கு மறுபடி அனுப்பினேன். இன்னும் ஒரு ஸ்லைடு மிச்சம் இருந்தது. பதிமூன்றாவதில் ஒரு மேற்கோள். நல்ல வரிசை, சரியான தலைப்பு. அவருக்குக் கேட்டதோ தொடர்ச்சியான ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த என் பழைய கட்டுரை ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியது அது. பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துருவில் தமிழ் என்று நம் கண்ணுக்குத் தெரிவது கோப்பில் `jkpo;` என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. முகமூடியைப் பார்க்காத இயந்திரம் உள்ளே இருப்பதையே படிக்கும். பழைய கட்டுரைகளையும் இதழ்களையும் இன்னும் பாமினியிலும் அதன் உறவுகளிலும் வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இது பொருந்தும். யூனிக்கோடுக்கு மாற்றும்வரை, எத்தனை மாற்று உரை எழுதினாலும் அந்தப் பக்கங்கள் ஊமைதான். அச்சுப்பக்கத்தை ஒளிப்படமாக ஒட்டுவதும் இதே கதை. படத்தில் உள்ள எழுத்து எழுத்தன்று.

கோப்பை பிடிஎஃப் ஆக அனுப்புவதாக இருந்தால் கடைசியாக ஒன்று. அச்சிடும் கட்டளை வழியாக பிடிஎஃப் ஆக்கினால், செய்த வேலை முழுதும் உதிர்ந்துவிடும். `Save As` வழியாகச் சென்று, `Options` என்பதில் `Document structure tags for accessibility` குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மென்பொருளின் சோதனைக் கருவி இவற்றில் சிலவற்றைக் கண்டுபிடிக்கும். மாற்று உரை இல்லை, தலைப்பு இல்லை என்று பட்டியல் போடும். ஆனால் அச்சில் புள்ளி இல்லை என்று என் ஸ்லைடு சொன்னதை அது கண்டுபிடித்திருக்காது. அதன் கண்ணில் நான்கு பெட்டிகளும் நான்கிலும் எழுத்தும் இருந்தன, அவ்வளவுதான். கருத்து தலைகீழானதைக் காதால் கேட்கும் ஒரு மனிதர்தான் கண்டார். ஆகவே கருவி பச்சைக்கொடி காட்டியபின் நான் இப்போது என்விடிஏவை ஓடவிட்டு, திரையை அணைத்து, என் உரையை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேட்கிறேன். அதற்கும் நேரமில்லாதபோது, ஸ்லைடின் வெற்றிடத்தில் சொடுக்கிவிட்டு `Tab` விசையைத் தட்டிக்கொண்டே போகிறேன். தேர்வுக்கட்டம் எந்த வரிசையில் தாவுகிறதோ அதுதான் படிக்கும் வரிசை.

இதற்கு இரண்டு மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். பேச்சைக் கேட்டால் போதாதா, ஸ்லைடு எதற்கு என்பது ஒன்று. பேச்சை நானே பதிவில் திரும்பக் கேட்டேன். "இங்கே பாருங்கள்", "இதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதா" என்று ஒன்பது இடங்களில் சொல்லியிருந்தேன். அந்த ஒன்பது இடங்களிலும் வாதத்தின் பாரத்தைப் படத்தின்மேல் இறக்கிவைத்துவிட்டு நான் நகர்ந்திருந்தேன். மற்றொன்று, இதையெல்லாம் தெரிந்த யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்பது. வரிசையைத் திருத்த ஓர் உதவியாளர் போதும். ஆனால் அந்த ஏட்டின் மூன்றாம் வரியில் "தென" இருப்பதையும், அதற்காகத்தான் அந்தப் படம் வைக்கப்பட்டது என்பதையும் வேறு யார் எழுதமுடியும்? உதவியாளர் எழுதினால் "பழைய ஓலைச்சுவடி" என்றுதான் எழுதுவார். அவர்மேல் குற்றமில்லை, பார்ப்பதை எழுதுகிறார். ஏன் காட்டினேன் என்பதைச் சொல்லவேண்டியவன் நான்.

சொல்லிக் கைகூடாததும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய எழுத்தின் வளைவை, ஓர் எழுத்தாளனின் கையெழுத்து மற்றொருவனுடையதிலிருந்து வேறுபடும் விதத்தை, என்னால் இரண்டு வாக்கியத்தில் தரமுடியவில்லை. நண்பரிடம் அதைச் சொன்னேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வெற்றோலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தென் என்று ஒன்றும் தேன் என்று ஒன்றும் புள்ளியில்லாமல் கீறித் தரவேண்டுமாம். மை பூசவேண்டாம், விரலால் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.